பன்னிரண்டேகால் சதவீதம்

அம்பத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியின் அலுவலகத்தில் செலின் எழுத்தராக இருந்தாள். மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி தப்பாக விழுந்தால் தலைமை ஆசிரியையே அவளைக் கூப்பிட்டுத்தான் கேட்பார். எந்தப் படிவத்தில் எந்த இடத்தில் கையெழுத்து, எதற்கு எத்தனை நகல், எந்த அலுவலகத்தில் எந்த மேசை என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பின்னால் அவளையே கவிழ்த்தது என்று சொன்னால் பாவம், ஆனால் பொய்யில்லை.

கணவன் ஜோசப்ராஜ் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். தொண்ணூறாம் வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அப்போது மகள் ஜெசிந்தாவுக்கு ஆறு வயது. அதே பட்டறையில் பக்கத்து மெஷினில் நின்றவன் பாஸ்கல். ஜோசப்ராஜைவிட இரண்டு வயது சின்னவன். செலினை அண்ணி என்பான். ஜெசிந்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனும் அவன்தான். எண்பத்தாறில் மஸ்கட்டுக்குப் போனான். ஜோசப்ராஜ் செத்த சேதி கேட்டு, வேலை போனாலும் போகட்டும் என்று விமானம் ஏறி வந்து, சவப்பெட்டியின் முன் முனையைத் தோளில் தாங்கியவன். அதைச் செலின் மறக்கவே இல்லை. மறக்க முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

பாஸ்கலின் அப்பா பால்ராஜ் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸை விட்டு வரும்போது, எண்பத்து நான்கில், அம்பத்தூரில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி பிளாட்டை ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வாங்கினார். தொண்ணூற்றொன்றில் அவர் காலமானார். மனைவி முன்பே இல்லை. பாஸ்கல் ஒரே பிள்ளை. வீடு அவன் கைக்கு வந்தது. "பூட்டி வெச்சா பாழாப் பூடும் அண்ணி, நீங்களே இருங்க" என்று செலினைக் குடி வைத்தான். வாடகையை மாதம் தவறாமல் அவனுடைய வங்கிக் கணக்கில் கட்டிவந்தாள். அந்த வீட்டின் தண்ணீர்க் குழாயில் எது மக்கர் பண்ணும், மழைக்கு எந்தச் சுவர் ஊறும் என்று சொந்தக்காரனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தொண்ணூற்றைந்து ஆகஸ்டில் விடுமுறைக்கு வந்த பாஸ்கல், வீட்டை விற்கப்போவதாகச் சொன்னான்.

"வெளியாளுக்கு இன்னாத்துக்கு அண்ணி? நீங்களே எடுத்துக்குங்க. நாலு லட்சம். ஜெசிந்தா பொறந்ததுலேர்ந்து எம் பொண்ணுதானே."

அப்போது அந்தப் பக்கம் விலை ஏறிக்கொண்டிருந்தது. நான்கு லட்சம் நியாயமான விலை. கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொல்லலாம். ஜோசப்ராஜின் பிராவிடண்ட் பண்டும் இன்சூரன்சும் வங்கியில் டெபாசிட்டாக இருந்தன. அவளுடைய பி.எஃப். கடன், கொஞ்சம் நகை எல்லாம் சேர்த்தால் கைக்கு எட்டும். முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, இருபத்தைந்தாயிரம் முன்பணம் கொடுத்தாள். ஆறு மாதத்துக்குள் பாக்கியைக் கொடுத்துக் கிரயம் செய்துகொள்ள வேண்டும். ஆகஸ்ட் பத்தாம் தேதி கையெழுத்து. பிப்ரவரி பத்தோடு கெடு.

பள்ளியின் கணக்கைத் தணிக்கை செய்ய வரும் ஆடிட்டர் இராமகிருஷ்ணனிடம் இருவரும் போனார்கள். அவர் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"விக்கிறவர் வெளிநாட்ல குடியிருக்கறவர். அதனால வாங்கற நீங்கதாம்மா அவருக்குத் தர்ற பணத்துல வரியைப் பிடிச்சு கவர்மென்டுக்குக் கட்டணும்."

"நானா? விக்கறது அவருதானே சார்?"

"வித்துட்டு பிளேன் ஏறிட்டார்னா அப்புறம் யாரைப் போய்க் கேக்கறது? அதனால பணம் குடுக்கற கையையே பிடிச்சுக்குது சட்டம். நீங்க பிடிக்காம விட்டா, அந்த வரி உங்க தலையில விழும். வட்டியோட."

பாஸ்கல் நாற்காலியில் முன்னால் நகர்ந்தான். "எவ்ளோ சார் புடிப்பாங்க?"

"லாபத்துக்கு இருபது சதவீதம். ஆனா லாபம் எவ்வளவுன்னு வாங்கறவங்க தாங்களா முடிவு பண்ணிக்க முடியாது. அதனால ஜாக்கிரதையா மொத்த விலைக்கும் இருபது பிடிப்பாங்க. நாலு லட்சத்துக்கு எண்பதாயிரம்."

"எம்பதாயிரமா!" பாஸ்கலின் முகம் சுருங்கிப்போனது. "எங்கப்பன் சம்பாரிச்ச ஊடு சார் அது."

"அதிகமாப் பிடிச்சது அடுத்த வருஷம் கணக்குக் காட்டினா திரும்பி வரும். காத்திருக்கணும். வேண்டாம்னா வேற வழி இருக்கு. நீங்க பதிமூணாம் நம்பர் படிவத்துல அதிகாரிக்கு விண்ணப்பம் பண்ணலாம். அப்பா வாங்கின விலை, விலைவாசி ஏத்தம் எல்லாம் கழிச்சு உண்மையான லாபத்தைப் பார்த்து, 'இவருக்கு இத்தனை சதவீதம் பிடிச்சாப் போதும்'னு சான்றிதழ் தருவார். அது வந்தப்புறம் கிரயம் பண்ணிக்குங்க."

வெளியே வந்ததும் பாஸ்கல் அவள் கையைப் பிடித்துக்கொள்ளாத குறை. "அண்ணி, நான் அடுத்த வாரம் போயிடுவேன். இந்த ஆபீசு, கடுதாசி இதெல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படி. எப்டியாவது அந்த சர்ட்டிபிகேட்ட வாங்கிக் குட்த்துடுங்க."

யோசித்துப் பார்த்தால், அந்தச் சான்றிதழால் செலினுக்குச் சல்லிக்காசு லாபமில்லை. எண்பதாயிரம் பிடித்தாலும் ஐம்பதாயிரம் பிடித்தாலும் அவள் கொடுக்கப்போவது அதே நான்கு லட்சம்தான். அரசாங்கத்துக்கு எவ்வளவு, அவனுக்கு எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். அவனை விடுமுறையை நீட்டச் சொல்லி, அடுத்த மாதமே எண்பதாயிரத்தைப் பிடித்துக்கொண்டு கிரயத்தை முடித்திருக்கலாம். அவளுக்கு அது தோன்றவே இல்லை. பெட்டியைத் தோளில் தாங்கியவனுக்கு இதைக்கூடச் செய்யமாட்டோமா என்றுதான் தோன்றியது.

வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார் ஆடிட்டர். தாலுகா அலுவலகத்துக்கு ஐந்து முறை நடந்தாள். அக்டோபர் முதல் வாரம்தான் கிடைத்தது. பால்ராஜின் பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறி எண்பத்து நான்காம் வருடத்துக் கிரயப் பத்திரத்தை எடுத்தாள். ஓரத்தைக் கரப்பான் அரித்திருந்தது. விலை எழுதிய பக்கம் நல்லவேளையாகத் தப்பியிருந்தது. இறப்புச் சான்றிதழ், பாஸ்கலின் பாஸ்போர்ட் நகல், ஒப்பந்தத்தின் நகல் எல்லாம் சேர்த்தாள். வரியைப் பிடிப்பவர்களுக்கென்று ஓர் எண் உண்டாம்; அதற்கும் தன் பெயரில் மனுப்போட்டாள். ஆடிட்டர் நிரப்பிய படிவத்தைக் கையெழுத்துக்காக மஸ்கட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

அது திரும்பி வருவதற்குள் டிசம்பர் பிறந்துவிட்டது. கையெழுத்துக்குக் கீழே அக்டோபர் இருபத்து மூன்று என்று அவனே எழுதியிருந்தான். உறையின் மேலிருந்த அஞ்சல் முத்திரையில் நவம்பர் இருபத்தெட்டு. பாவம், பாலைவனத்தில் எங்கே தபாலாபீஸைத் தேடினானோ என்று நினைத்துக்கொண்டு உறையைக் கோப்பில் சொருகினாள். தேதி தப்பினால் தலைமை ஆசிரியையிடமே வாதாடுகிறவள், அன்று அந்த இரண்டு தேதிகளையும் பார்த்தும் பார்க்காமல் விட்டாள்.

விண்ணப்பம் நுங்கம்பாக்கத்தில் வருமான வரி அலுவலகத்துக்குப் போனது. பாஸ்கலுக்காக ஆஜராகிறவர் ஆடிட்டர்தான். ஆனால் அவருடைய குமாஸ்தா வாரம் ஒருமுறைகூட அந்தப் பக்கம் போவதில்லை. செலின் அரைநாள் விடுப்புப் போட்டு, அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தில் பஸ் ஏறி, வாங்குபவள் என்ற முறையில் போய் உட்கார்ந்துகொள்வாள். இன்ஸ்பெக்டர் நாகவல்லிக்கு அவளைப் பார்த்தாலே சிரிப்பு.

"பிடிச்சுக் கட்டப்போறது நீங்க. குறைச்சுப் பிடிக்கச் சொல்லி அலையறதும் நீங்களா? இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல."

"எம் பொண்ணுக்கு ஞானத்தகப்பன் மேடம்."

விலைவாசி ஏற்றத்தை, அப்பா வாங்கிய வருடத்திலிருந்து கணக்கிட வேண்டும் என்று ஆடிட்டர் எழுதியிருந்தார். அப்படிப் பார்த்தால் எட்டு சதவீதத்துக்குள் முடிந்திருக்கும். அதிகாரி ஒப்பவில்லை. அப்பா கொடுத்த விலையை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏற்றத்தை மகன் கைக்கு வந்த தொண்ணூற்றொன்றிலிருந்துதான் போட முடியும் என்றார். கடிதம், பதில் கடிதம், மறுபடி கடிதம் என்று ஜனவரி கரைந்தது.

கெடு நெருங்குவது செலினுக்குத் தெரியாமல் இல்லை. கிறிஸ்துமஸ் அன்றே பாஸ்கல் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணியிருந்தான். ஜெசிந்தா பேசியபிறகு செலின் ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, அக்ரிமென்ட் தேதி பிப்ரவரி பத்தோட முடியுது. ஒரு வார்த்த எழுதி அனுப்புங்களேன், கெடு நீட்டிச்சதா."

"அட இன்னா அண்ணி நீங்க! தேதி போனா போவுது. நமக்குள்ள இன்னா கோர்ட்டா கச்சேரியா? நீங்க அந்த சர்ட்டிபிகேட்ட பாருங்க."

அதற்குமேல் கேட்டால் நம்பாதது மாதிரி ஆகிவிடுமே என்று கூசிப்போனாள். கேட்கவில்லை.

பிப்ரவரி பதினாறாம் தேதி, வெள்ளிக்கிழமை, சான்றிதழ் பதிவுத் தபாலில் வந்தது. பாஸ்கலுக்கு அல்ல, அவளுக்கு. பணம் கொடுக்கிறவருக்கே நேராக அனுப்புவதுதான் முறை. சொத்தின் விவரம், விற்பவர் பெயர், நான்கு லட்சம் என்ற தொகை எல்லாம் தட்டச்சில் இருந்தன. பணம் செலுத்துபவர் என்ற இடத்தில் 'திருமதி செலின் ஜோசப்ராஜ்'. பன்னிரண்டேகால் சதவீதம் பிடித்தால் போதும். மார்ச் முப்பத்தொன்று வரை செல்லும். எண்பதாயிரத்துக்குப் பதில் நாற்பத்தொன்பதாயிரம். அவனுக்கு முப்பத்தோராயிரம் மிச்சம். ஏதோ தன் சம்பளமே உயர்ந்துவிட்ட மாதிரி அவள் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள்.

மறுநாளே வங்கிக்குப் போய் டெபாசிட்டை உடைத்தாள். முதிர்ச்சிக்கு ஏழு மாதம் இருந்தது. வட்டியில் வெட்டிக்கொண்டுதான் கொடுத்தார்கள். பிறகு ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் மஸ்கட்டுக்குப் போட்டாள். அறையில் கூட இருப்பவன் எடுத்தான்.

"பாஸ்கலா? அவரு இங்க இல்லீங்களே" என்றான். பின்னால் யாரோ என்னவோ சொல்ல, லைன் அறுந்துவிட்டது. சைட்டுக்குப் போயிருப்பான் என்று எண்ணிக்கொண்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. ஐம்பது வயது மனிதர் ஒருவர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பின்னால் டேப்போடு ஒரு மேஸ்திரி.

"சண்முகசுந்தரம்மா. பூந்தமல்லில லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஒரு அஞ்சு நிமிஷம், கிச்சன் மேடை மட்டும் அளந்துட்டுப் போயிடறோம்."

"எதுக்குங்க?"

"அடுத்த மாசம் கிரயம் முடிஞ்சா சம்மருக்குள்ள வேலய முடிச்சிடலாம்னு. பொண்ணுக்காக வாங்கறேன். ஏம்மா, ஓனர் சொல்லலியா? ஏப்ரல்ல நீங்க காலி பண்றதாச் சொன்னாரே."

செலினுக்கு முதலில் அவர் வேறு யாருடைய வீட்டைத் தேடி வந்திருக்கிறார் என்றுதான் பட்டது. "எந்த ஓனருங்க?"

"பாஸ்கல் தம்பிதான். இப்பக்கூட பூந்தமல்லில எங்க தெருவுலதான் ரூம் எடுத்துக் கீறாரு. மூணு வாரமாச்சு."

மூன்று வாரம். பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூருக்கு என்ன, அரை மணி நேரம் இருக்குமா? அவள் மஸ்கட்டுக்குக் காசு போட்டுப் பேசிய அன்று, அவன் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அவளுடைய முகத்தைப் பார்த்து சண்முகசுந்தரம் என்ன புரிந்துகொண்டாரோ, பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். பிப்ரவரி பன்னிரண்டு. அவளுடைய கெடு முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதும் எழுதியிருக்கிறான். விலை நான்கு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். ஒரு லட்சம் முன்பணம்.

"எப்படிங்க பழக்கம்?"

"எந்தம்பி அங்க மஸ்கட்ல கீறான். அவன்கிட்ட நவம்பர்லயே சொல்லிக் கீறாரு. பெப்ரவரில ஒரு சிக்கல் தீர்ந்துடும், அப்புறம் எழுதிக்கலாம்னாராம்."

அந்தச் சிக்கல் தான்தான் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அக்டோபரில் கையெழுத்திட்ட படிவம் ஏன் ஐந்து வாரம் மேசையில் தூங்கியது என்பது அப்போது புரிந்தது. எழுபத்தைந்தாயிரம் அதிகம் கொடுக்க ஆள் கிடைத்ததும் அவன் சும்மா இருந்தாலே போதுமாயிருந்தது. நாட்களை ஓட்டுகிற வேலையை அவளே அவனுக்காகச் செய்துகொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு அரைநாள் விடுப்பாக.

சண்முகசுந்தரத்தின் ஒப்பந்தத்தில் பாஸ்கலின் விலாசம் என்று பூந்தமல்லித் தெரு ஒன்றும் கதவிலக்கமும் இருந்தன. 'வசித்து வரும்' என்று எழுதியிருந்தது. மஸ்கட் என்ற சொல்லே இல்லை.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் வரி எதுவும் பிடிக்கப்போவதில்லை. பணத்தை முழுசாக வாங்கிக்கொண்டு அவன் விமானம் ஏறுவான். ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து இவர் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். வரட்டுமே என்று மனசின் ஒரு பக்கம் சொன்னது. தன் வீட்டு அடுப்பு மேடையை அளக்க மேஸ்திரியோடு வந்து நிற்கிறவர். இவருக்கு எதற்கு நான் பரிந்து பேச வேண்டும்?

மேஸ்திரி டேப்பை நீட்டிப் பிடித்து, "நாலே முக்காலு" என்றான்.

"ஐயா, இதுல வரி பிடிக்கறதப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"இன்னா வரி?"

"அவரு வெளிநாட்ல இருக்கறவரு. வாங்கற நீங்கதான் பிடிச்சுக் கட்டணும். பிடிக்கலன்னா உங்க தலையில விழும். ஒரு ஆடிட்டரக் கேட்டுட்டு அப்புறம் பணத்தக் குடுங்க." உள்ளே போய்ச் சான்றிதழை எடுத்து வந்து காட்டினாள். "இத எம் பேர்ல குடுத்தாங்க. எனக்கு மட்டுந்தான் செல்லும். உங்களுக்கு ஆகாது."

சண்முகசுந்தரம் அதைப் படித்தார். படித்து முடித்தபோது அவர் மேஸ்திரியிடம் டேப்பைச் சுருட்டச் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. மாதா சத்தியமாச் சொல்றேன்" என்றார். அவர் கும்பிடுவது முருகனை. அவளுக்காக மாதாவை இழுத்தார்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது, பாஸ்கல் வாசல் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தான். ஜெசிந்தா "ஞானப்பா!" என்று ஓடினாள். அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டுச் செலின் கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை, அவனே உட்கார்ந்தான்.

"அந்தாளுகிட்ட இன்னா சொன்னீங்க அண்ணி?"

"உள்ளதத்தான் சொன்னேன்."

"இப்ப அவன் மொத்தத்துக்கும் இருவது பர்சன்ட் புடிப்பேங்குறான். குட்த்த அட்வான்சுக்கும் சேத்து. தொண்ணூத்தஞ்சாயிரம்! உங்களுக்கு இன்னா பண்ணேன் நானு?"

அவன் குரல் தழைந்தது.

"எனக்கும் கடன் கீது அண்ணி. மச்சினிச்சி கல்யாணம் கீது. எழுவத்தஞ்சாயிரம் சும்மா வருதுன்னா எவன் உடுவான்? உங்க அட்வான்ச பைசா பாக்கி இல்லாம குட்த்துடறேன். அந்த சர்ட்டிபிகேட்ட மட்டும் குடுங்க. உங்களுக்குத்தான் அந்த ஆபீஸ்ல பழக்கமாச்சே. பேர மாத்திக் குடுக்கச் சொன்னா மாட்டாங்களா?"

இங்கேதான் அவளுக்கு அடி விழுந்தது. வீட்டை வேறொருவருக்கு விற்றதைக்கூட, பேராசை என்று ஒரு பெயர் வைத்துத் தள்ளிவிட்டிருக்கலாம். தன்னிடமிருந்து பறித்த வீட்டின் வரியைக் குறைக்கவும் தன்னையே நடக்கச் சொல்கிறானே!

"நவம்பர்லயே அவங்க தம்பிகிட்டப் பேசினீங்களாமே?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணீங்களே. அப்பவும் தெரியும், இல்ல?"

"சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான்..."

"சர்ட்டிபிகேட் எம் பேர்ல இருக்கு. வேற பேர் போட முடியாது. வேணும்னா புதுசா விண்ணப்பம் பண்ணுங்க. நீங்களே போயி உக்காருங்க. ரெண்டு மாசமாவது ஆகும்."

"எனக்கு பதிமூணு நாள்தான் லீவு கீது."

"அப்ப அவரு பிடிக்கறதப் பிடிக்கட்டும். அதிகமாப் போனது அடுத்த வருஷம் திரும்பி வரும். ஆடிட்டர் சொன்னாரே."

அவன் எழுந்து நின்றான். அவன் கண் கலங்கியிருந்ததுதான் வேடிக்கை. "கூடப் பொறந்தவளா நெனச்சேன். ஜோசப்பண்ணன் இருந்திருந்தா இப்டி என்னக் காட்டிக் குட்த்திருக்காது."

அவன் படியிறங்கும் சத்தம் கேட்டு முடிகிற வரை செலின் நின்றாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஜெசிந்தா திரும்பி வரும்வரை அழுதாள்.

திங்கட்கிழமை ஆடிட்டரிடம் போனாள். இராமகிருஷ்ணனுக்குச் சங்கடம், பாஸ்கலும் அவருடைய கட்சிக்காரன்தானே. இருந்தாலும் சொன்னார். "வக்கீலைப் பாருங்கம்மா. கெடுவை வாயால நீட்டினார்னு வழக்குப் போடலாம். வாடகைச் சட்டம் வேற இருக்கு, லேசுல உங்களைக் கிளப்ப முடியாது."

வக்கீலையும் பார்த்தாள். ஐந்தாறு வருடம் ஆகும் என்றார். அதுவரை பாக்கிப் பணத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும், வாயால் சொன்னதற்குச் சாட்சி வேண்டும் என்றார். சாட்சி யார்? பக்கத்து வீட்டு டெலிபோனா? ஒருவேளை ஜெசிந்தாவைக் கூண்டில் ஏற்றி ஞானத்தகப்பன் என்ன பேசினார் என்று கேட்பார்களோ? அந்த நினைப்பே போதுமாக இருந்தது. வழக்கு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாள்.

சான்றிதழை என்ன செய்வது என்று ஆடிட்டரைக் கேட்டாள். "உங்க பேர்ல இருக்கறதால அது யாருக்கும் உதவாது. வெச்சுக்கிட்டாலும் ஒண்ணுமில்ல" என்றார். அவள் வைத்துக்கொள்ளவில்லை. இந்தச் சொத்தை நான் வாங்கவில்லை, ஆகவே திருப்பி அனுப்புகிறேன் என்று அதிகாரிக்கு நாலு வரி எழுதி, நுங்கம்பாக்கத்துக்கு நேரில் எடுத்துக்கொண்டு போனாள். நாகவல்லி வாங்கிப் படித்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பதிவேட்டில் முத்திரை வைத்து நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிறகு, "உக்காருங்க, காபி சொல்றேன்" என்றாள். இருவரும் காபி குடித்தார்கள். நடந்தது என்னவென்று அவள் கேட்கவும் இல்லை, செலின் சொல்லவும் இல்லை.

மார்ச் எட்டாம் தேதி கிரயம் நடந்தது. சண்முகசுந்தரம் தன் ஆடிட்டரை வைத்து வரி பிடிப்பவருக்கான எண் வாங்கி, தொண்ணூற்றைந்தாயிரத்தைப் பிடித்து, செலான் போட்டு வங்கியில் கட்டினார். பிடித்ததற்கான சான்றையும் பாஸ்கலிடம் கொடுத்தார். அவன் ஊரை விட்டுப் போவதற்கு முந்தின நாள் யாரோ ஒரு பையன் மூலமாக இருபத்தைந்தாயிரத்துக்குக் காசோலை அனுப்பினான். உடைத்த டெபாசிட்டில் போன வட்டியைப் பற்றி அவளும் பேசவில்லை.

சண்முகசுந்தரம், மகளின் கல்யாணம் ஆவணியில்தான், அதுவரை இருங்கள் என்று சொல்லிப் பார்த்தார். பள்ளி மூடியதும் மே மாதத்தில் செலின் காட்டுப்பாக்கத்தில் ஒரு வாடகைப் போர்ஷனுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வெயிலில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் வீட்டை நினைத்து அவளுக்குத் துக்கம் வந்ததில்லை. கிறிஸ்துமஸ் அன்று, அத்தனையும் தெரிந்துகொண்டே "நமக்குள்ள இன்னா" என்று சிரித்த அந்தக் குரல்தான் வந்துகொண்டே இருந்தது.

தொண்ணூற்றேழில் ஆடிட்டரைத் தற்செயலாகப் பார்த்தாள். பாஸ்கல் கணக்குக் காட்டி முப்பத்தோராயிரம் திரும்பி வர வேண்டியிருப்பதாகவும், பால்ராஜ் வாங்கிய பத்திரத்தின் நகல் ஒன்று அவளிடம் இருந்தால் கொடுக்க முடியுமா என்று அவன் கேட்டிருப்பதாகவும் சொன்னார். அவள் கோப்பில் இருந்தது. மறுநாள் பள்ளி பியூன் கையில் கொடுத்து அனுப்பினாள். ஏன் கொடுத்தாய் என்று பள்ளியில் ஒரு டீச்சர் கோபப்பட்டபோது, "கணக்கு சரியா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

தொண்ணூற்றொன்பதில் காட்டுப்பாக்கத்திலேயே ஒற்றைப் படுக்கையறை பிளாட் ஒன்றை வாங்கினாள். அம்பத்தூர் வீட்டைவிடச் சின்னது, விலை அதிகம். விற்றவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "சார், நீங்க உள்ளூர்லதானே இருக்கீங்க?" என்று அவள் கேட்டதற்கு, திருவள்ளூரைத் தாண்டி நான் போனதே கிடையாதும்மா என்றார் அவர். ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் நடுவே ஒன்பது நாள்தான் விட்டாள்.

நடந்தது எதையும் ஜெசிந்தாவிடம் அவள் சொல்லவில்லை. பதினாறாவது பிறந்தநாளுக்கு மஸ்கட்டிலிருந்து யாரோ மூலமாக ஒரு கைக்கடிகாரம் வந்தது. தங்க நிறம், கண்ணாடிக்குள் சின்னதாக ஒரு பூ. ஜெசிந்தா அதைக் கட்டிக்கொண்டு வந்து, "ஞானப்பா ஏம்மா நம்ம வீட்டுக்கு வர்றதே இல்ல?" என்று கேட்டாள்.

செலின் மகளின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, தளர்ந்திருந்த கொக்கியை ஒரு துளை உள்ளே தள்ளி மாட்டினாள்.

"தெரியலம்மா" என்றாள். "மணி சரியா காட்டுதான்னு பாரு."